முடி உதிர்வு, வறண்ட தோல், வெயில் காலத்திலும் குளிர்: தைராய்டுதானா?

"எனக்கு 36 வயது, சென்னையில் இருக்கிறேன். ஏழெட்டு மாதமாக முடி கொட்டுகிறது. கை, கால் தோல் வெள்ளை பூத்துச் சொரசொரப்பாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் ஏசியைக் கூட்டச் சொன்னால் நான் மட்டும் போர்வையைத் தேடுகிறேன். போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் மாமியார். தைராய்டு பார் என்கிறாள் அக்கா. மூன்று மாதமாக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். இது தைராய்டாக இருக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?"

இருக்கலாம். உங்கள் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முடி கொட்டுவதற்கு நூறு காரணம் உண்டு. தோல் வறள்வதற்கும் அப்படித்தான். ஆனால் சென்னையில், பக்கத்தில் இருப்பவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆரம்பித்திருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

ஆனால் நாளைக் காலையிலேயே லேபுக்குப் போய்விடாதீர்கள். முதலில் அந்த பயோட்டின் மாத்திரையை நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள், என்னைக் கேட்டால் மூன்று நான்கு நாள், இடைவெளி விட்டுப் பிறகு ரத்தம் கொடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். இதைச் செய்யாமல் பரிசோதித்தால், நோய் இருந்தும் 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வரக்கூடும்.

சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் இந்த மூன்றும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதைப் பார்ப்போம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் மற்ற பாகங்கள் அதை டி3 ஆக மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும், எவ்வளவு எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த டி3க்குப் பெரிய பங்கு. செல் வேலை செய்யும்போது வெளிப்படுவதுதான் உடல் சூடு. ஹார்மோன் குறைந்தால் அந்தச் சூடும் குறைகிறது. உடனே உடல், இருக்கிற சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால்தான் குளிர்வதோடு கை கால்கள் தொட்டால் சில்லென்று இருக்கின்றன, தோலும் வெளிறிப் போகிறது.

தோல் வறள்வதும் இதன் தொடர்ச்சிதான். ரத்த ஓட்டம் குறைகிறது, வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் மந்தமாகின்றன. முன்பு போல் வியர்ப்பதில்லை என்று சிலர் சந்தோஷமாகவே சொல்வார்கள். அதுவும் ஓர் அறிகுறி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலைப் பாருங்கள். நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்து, மாவு போல உதிர்கிறதா? முழங்கை கறுத்துத் தடித்திருக்கிறதா? சிலருக்கு உள்ளங்கை மஞ்சள் பூத்திருக்கும். காரட், பப்பாளி போன்றவற்றில் இருக்கும் கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றும் வேகம் குறைவதால் அது தோலில் தங்குகிறது. மஞ்சள்காமாலை என்று பயந்து வருபவர்கள் உண்டு. ஆனால் காமாலையில் கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சளாகும், இதில் ஆகாது.

இன்னொன்று, வறண்ட தோலோடு முகம் உப்பியிருப்பது. காலையில் எழும்போது கண் இமை வீங்கியிருக்கும். தோலுக்கு அடியில் நீரை இழுத்துவைத்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் சேர்வதால் வரும் வீக்கம் இது. சாதாரண நீர் வீக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். இந்த வீக்கத்தில் பெரும்பாலும் குழி விழாது.

இனி முடி. தலையில் இருக்கும் ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்கிறது, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது, அப்புறம் உதிர்ந்து அதே வேரிலிருந்து புதிய முடி முளைக்கிறது. சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். அதனால் தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை போனாலும் நமக்குத் தெரிவதில்லை. தைராய்டு ஹார்மோன் முடியை வளரும் கட்டத்தில் நீடிக்கவைக்கிறது. அது குறைந்தால் நிறைய முடிகள் சீக்கிரமே ஓய்வுக்குப் போகின்றன, புதிதாக முளைப்பதும் தாமதமாகிறது. ஆகவே முடி ஓரிடத்தில் மட்டும் போகாமல் தலை முழுவதும் பரவலாக மெலிகிறது. இருக்கிற முடியும் பளபளப்பில்லாமல் நார் போல, சீவினால் உடைகிற மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பரவலான உதிர்வு ஒரு முக்கியமான அடையாளம். நடு வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது, பின் தலையில் முடி அடர்த்தியாகவே இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் முடி மெலிவு. தைராய்டு மாத்திரை அதற்கு எதுவும் செய்யாது. நாணயம் போல வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. தைராய்டுக் கோளாறு உள்ளவர்களிடம் அது கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டாலும், நோய் வேறு. புருவத்தையும் கவனியுங்கள். காதுப் பக்கம் இருக்கும் கடைசி மூன்றில் ஒரு பகுதி மெலிந்திருந்தால் தைராய்டு மீதான சந்தேகம் கூடும். ஆனால் வயதானாலும், அடிக்கடி திரெடிங் செய்தாலும் அங்கே மெலியும். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மாமியார் சொல்லும் போர் தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சிக்காகும், சொரசொரப்பாகும், நடுவில் உடையும், தோலும் வறளும். ஆனால் வேரோடு முடி விழுவதற்கு அது காரணமாகாது. விழுந்த முடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வுக் கட்டம் முடிந்து வேரோடு வந்த முடி. இரண்டு முனையும் குமிழ் இல்லாமல் இருந்தால் நடுவில் உடைந்தது. தவிர, தண்ணீரால் யாருக்கும் குளிர் எடுக்காது.

தைராய்டைப் போலவே நடிக்கும் இன்னொரு பிரச்சினை இரும்புச்சத்துக் குறைவு. நம் பெண்களிடம் மிகச் சாதாரணமாக இருப்பது. முடி கொட்டும், களைப்பு வரும், குளிரும்கூட எடுக்கும். அத்துடன், தைராய்டு குறைந்தால் பலருக்கு மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாகி, அதனாலேயே இரும்புச்சத்தும் இறங்கிவிடும். அப்படி இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய அறுவை சிகிச்சையோ, திடீர்ப் பட்டினி டயட்டோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் முடி கொத்தாகக் கொட்டும். அது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு ஏழெட்டு மாதம் ஆகியும் நிற்கவில்லை என்பதால், காய்ச்சலுக்குப் பிறகு வந்த உதிர்வு என்று விட்டுவிட முடியாது.

பரிசோதனைக்கு முன்னால் உங்களையே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் புதிதாக வந்திருக்கிறதா? குரல் கனத்து, போனில் கேட்பவர்கள் சளியா என்று கேட்கிறார்களா? மாதவிடாய் கூடியிருக்கிறதா, முறை தவறுகிறதா? காலையில் எழும்போது விரல்கள் மரத்துப்போகின்றனவா? ஒரு வார்த்தையைத் தேடி நிற்க வேண்டியிருக்கிறதா? எடை கூடியிருக்கிறதா? எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கைந்து கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடலில் தங்கும் நீரும் உப்பும். பதினைந்து கிலோ ஏறியிருந்தால் அதைத் தைராய்டு தலையில் மட்டும் போட முடியாது. இந்தக் கேள்விகளில் நான்கைந்துக்கு 'ஆமாம், இப்போதுதான் சில மாதமாக' என்று பதில் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. எதற்குமே இல்லை என்றாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம், ஏனென்றால் அறிகுறிகள் மட்டும் பல சமயம் ஏமாற்றிவிடும்.

செய்ய வேண்டிய பரிசோதனை டி.எஸ்.எச்., கூடவே ஃப்ரீ டி4. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. கீழே வேலை சரியாக நடக்கவில்லை என்றால் மேஸ்திரி குரலை உயர்த்துவார் அல்லவா, அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'டி.எஸ்.எச். அதிகம், அதனால் எனக்குத் தைராய்டு அதிகம்' என்கிறார்கள். அப்படி இல்லை. டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு குறைவு.

லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறினாலும் டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருப்பது இயல்பு. டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 இயல்பை விடக் கீழே போயிருந்தால் நோய் உறுதி, சிகிச்சை வேண்டும். பெரிய குழப்பம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். டி.எஸ்.எச். 6 அல்லது 7, ஃப்ரீ டி4 இயல்பு என்று வந்தால் அவசரப்பட்டு வாழ்நாள் மாத்திரை தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது பலருக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். 65 வயதைக் கடந்த, இப்படி லேசாக டி.எஸ்.எச். ஏறியவர்களிடம் ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டதால் அவர்களுடைய களைப்போ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. அந்த லேசான ஏற்றத்தால் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் அபூர்வம், எனவே வேறு காரணத்தைத் தேட வேண்டும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ கதை வேறு. அப்போது பொதுவாகச் சிகிச்சை தொடங்குவார்கள்.

இப்போது பயோட்டினுக்கு வருகிறேன். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். அதாவது தேவையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அது உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பாகமாக இருக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் அளவு தப்பாகிவிடும். டி.எஸ்.எச். உண்மையை விடக் குறைவாகவும், டி4 உண்மையை விடக் கூடுதலாகவும் காட்டும். தைராய்டு குறைந்தவரின் ரிப்போர்ட் அப்படித்தான் 'நார்மல்' ஆகிவிடுகிறது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிடுபவருக்குத்தான் தைராய்டு பரிசோதனையும் தேவைப்படுகிறது என்பதால் இந்தச் சிக்கலில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். எல்லா இயந்திரமும் இப்படி ஏமாறுவதில்லை, ஆனால் உங்கள் லேபில் எந்த இயந்திரம் என்று விசாரிப்பதை விட மாத்திரையை நிறுத்துவது சுலபம்.

டி.எஸ்.எச்.சை மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அபூர்வமானதுதான். பிரசவத்தின்போது மிக அதிகமாக ரத்தம் போன பெண்களில் சிலருக்குப் பிட்யூட்டரியே பாதிக்கப்படும். அப்போது டி4 குறைந்தாலும் டி.எஸ்.எச். ஏறாது. பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, அக்குளிலும் முடி போய்விட்டது என்றால் கண்டிப்பாக ஃப்ரீ டி4ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொன்னால் மற்றது எல்லாம் தெளிவாகும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 41 வயது, பள்ளி ஆசிரியை, எடை 64 கிலோ. அவர் முடிக்காகவும் வரவில்லை, குளிருக்காகவும் வரவில்லை. மத்தியான வகுப்பில் குரல் கட்டிக்கொள்கிறது என்று வந்தார். மின்விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் போய் உட்கார்ந்து, முந்தானையை இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டார். புருவத்தின் கடைசிப் பகுதி பென்சிலால் வரைந்தது. முடியைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். வீடு மாறியதால் தண்ணீர் சேரவில்லை என்று ஒரு வருடமாக எண்ணெய்களை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நாடித்துடிப்பு 56. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் பாதம் டக்கென்று கீழே போய் உடனே திரும்பும். அவருக்குக் கீழே போனது, திரும்பி வரத் தயங்கித் தயங்கி மெதுவாக வந்தது. தைராய்டு குறைவில் தசை தளர்வது தாமதமாவதால் அப்படி நடக்கும், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 46, ஃப்ரீ டி4 0.4 (இயல்பு சுமார் 0.8க்கு மேல்). ஹீமோகுளோபின் 9.8, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. கொலஸ்ட்ராலும் ஏறியிருந்தது. தைராய்டு குறைந்தால் அதுவும் ஏறும், பெரும்பாலும் தைராய்டு சரியானதும் இறங்கிவிடும். ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் மிக அதிகம்.

அந்த எதிர்ப்பொருள் காரணத்தைச் சொல்கிறது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே மெல்ல மெல்ல அழிக்கும் நோய் இது. 1912இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள். உப்பில் அயோடின் சேர்ப்பது பரவலான பிறகு, பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்கு இதுதான் முதல் காரணம். ஆகவே அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று வாங்கிச் சாப்பிடுவதில் பயனில்லை. ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அதிக அயோடின் தைராய்டை மேலும் மந்தமாக்கவும் செய்யும். வீட்டில் சாதாரண அயோடின் உப்பு இருந்தால் போதும். கோஸ், காலிஃபிளவரை நிறுத்தச் சொல்வார்கள். வேகவைத்து எப்போதும் சாப்பிடும் அளவில் சாப்பிட்டால் அவற்றால் பிரச்சினை இல்லை.

இதய நோய் இல்லாத, வயது அதிகமாகாத ஒருவருக்கு டி4 ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவோம். 64 கிலோவுக்கு 102 வரும், 100 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தேன். வயதானவராக இருந்தால், அல்லது நெஞ்சுவலி இருப்பவராக இருந்தால் 12.5 அல்லது 25இல் ஆரம்பித்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை தனியாக, இரவில். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், புது டோஸ் நிலைபெற்று டி.எஸ்.எச்.சில் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். இரண்டு வாரத்தில் பரிசோதிப்பது பணத்துக்குக் கேடு.

ஏழாவது வாரம் பார்த்தபோது டி.எஸ்.எச். 19. இறங்கியிருக்கிறது, ஆனால் அந்த டோஸுக்கு இவ்வளவு கொஞ்சமாக இறங்கியிருக்கக் கூடாது. டோஸைக் கூட்டுவதற்கு முன், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். "அஞ்சரைக்கு எழுந்திருப்பேன் டாக்டர். மறந்துடக்கூடாதுன்னு ரெண்டு மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு, அப்படியே காபி குடிச்சுடுவேன்." காரணம் அங்கேதான் இருந்தது. இரும்பு, தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. கால்சியமும் அப்படித்தான். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்க வேண்டும். அதே 100 மைக்ரோகிராமைத் தொடர்ந்தோம், இரும்பு மாத்திரை இரவுக்குப் போனது. அடுத்த எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 3.2. அன்றே டோஸைக் கூட்டியிருந்தால், பழக்கம் மாறிய பிறகு அது அளவுக்கு மீறியிருக்கும். தைராய்டு ஹார்மோன் கூடினாலும் முடி கொட்டும், நெஞ்சு படபடக்கும், வருடக்கணக்கில் நீடித்தால் எலும்பும் தேயும்.

அவருக்கு எது எப்போது சரியானது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் பொறுமை இழந்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். உற்சாகமும் மலச்சிக்கலும் முதல் மாதத்திலேயே மாறின, குளிரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தோல் மிருதுவாக மூன்று மாதம் ஆனது. அதுவரை குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ, வாசனை இல்லாத க்ரீமோ தடவச் சொல்லியிருந்தேன். முடியோ, இரண்டாவது மாதம் முன்னை விட அதிகமாகக் கொட்டியது. பயந்துபோய் போன் செய்தார். ஓய்வில் தங்கியிருந்த பழைய முடிகளைப் புதிய முடிகள் கீழிருந்து தள்ளும்போது சிலருக்கு அப்படி நடக்கும். ஐந்தாவது மாதம் நெற்றியோரம் விரற்கடை அளவுக்குக் குட்டி முடிகள் நிறைய நிமிர்ந்து நின்றன. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், ஆகவே பின்னலில் பழைய கனம் தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஃபெரிட்டினையும் சேர்த்து உயர்த்தாமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

'ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே' என்ற பயம் உங்களுக்கும் வரலாம். மாத்திரை உடலைப் பழக்கப்படுத்திவிடுவதால் அப்படி இல்லை. அழிந்த சுரப்பி திரும்ப வளராததால்தான் தொடர வேண்டியிருக்கிறது. உங்கள் உடல் சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் மாத்திரையில் இருக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்தப் பெண் அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டு 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். இன்று நமக்கு அளந்து செய்த சின்ன மாத்திரை கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சிலவற்றில் மட்டும் சுரப்பி தானாகத் தேறி, மாத்திரையை நிறுத்த முடியும். அதை டாக்டர் பரிசோதித்துச் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, உங்களுக்கு. பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இந்த நான்கையும் பாருங்கள். தைராய்டு பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆன்டி டி.பி.ஓ. இப்போது வேண்டாம், டி.எஸ்.எச். ஏறியிருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'முழு உடல் பேக்கேஜ்' என்று அறுபது பரிசோதனை விற்பார்கள், அதுவும் வேண்டாம். ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் இரும்புச்சத்துக்குச் சிகிச்சை தேவைப்படலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் இயல்பாக வந்து உதிர்வு தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், வகிட்டையும் வேர்களையும் பெரிதாக்கிப் பார்த்து அவர் சொல்வார்.

ஒருவேளை நீங்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தால் அதை முதல் வரியிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்ப மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் டோஸை நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் உடனே போன் செய்ய வேண்டிய விஷயம் அது. அதேபோல், தைராய்டு குறைவு உள்ள ஒருவர், குறிப்பாக வயதானவர், பகலிலும் எழுப்ப முடியாதபடி தூங்கிவழிந்து, பேச்சு குழறி, உடல் ஜில்லிட்டுப்போனால் அது உயிருக்கு ஆபத்து. மறுநாளுக்குத் தள்ளாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.